இரண்டரைப் பக்க வரைவிலிருந்து 80 சொற்கள்

கேள்வி: "மூதூர் கிழக்கில் பனையோலைப் பொருட்கள் செய்யும் ஒரு மாதர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். நிலாவெளியில் உள்ள ஒரு ஹோட்டலின் முகாமையாளருக்கு அனுப்புவதற்காக எழுதிய மின்னஞ்சல் இரண்டரைப் பக்கம், ஏறக்குறைய 700 சொற்கள் வந்துவிட்டது. அவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. எதை வெட்டினாலும் முக்கியமான ஒன்று போய்விடுவதுபோல் இருக்கிறது. எப்படிக் குறைப்பது? வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்."

முதலில், இந்த வரைவில் எதையும் வெட்ட வேண்டாம். அதை அப்படியே ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுமையான ஒரு புதிய தாளை எடுங்கள். திருகோணமலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிராமச் சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: எழுதி முடித்த கடிதத்திலிருந்து வெட்டத் தொடங்கினால் ஒவ்வொரு வசனமும் தன்னை வைத்திருக்கும்படி உங்களிடம் மன்றாடும். அந்த வசனத்தை எழுத நீங்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அதைச் சொன்ன அங்கத்தவரின் முகம் நினைவுக்கு வரும். 700 சொற்களை 600 ஆக்குவதற்குள் களைத்துவிடுவீர்கள். வெறும் தாளில் தொடங்கி, பழைய வரைவிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து வைக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. "இதை ஏன் நீக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் "இதை ஏன் எடுக்க வேண்டும்" என்று கேட்கத் தொடங்குவீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது மிகவும் எளிது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், கரையோரக் கிராமம் ஒன்றின் மீனவர் சங்கத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பிடித்த மீனை வைத்திருக்கப் பனிக்கட்டிப் பெட்டிகள் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆனால் சங்கத்தின் வரலாறு, கடலரிப்பு, வலைகளின் விலை, பாடசாலைப் பிள்ளைகளின் நிலை என்று எல்லாவற்றையும் எழுதி, கோரிக்கையை மூன்றாம் பக்கத்தின் நடுவில் வைத்திருந்தேன். நான்கு மாதம் பதில் இல்லை. நேரில் போனபோது, அந்த அலுவலர் கோவையை எடுத்து விரித்துக் காட்டினார். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள் எழுதப்பட்டிருந்தன: "கோரிக்கை என்ன?" அடுத்த பக்கத்தை யாரும் புரட்டியதற்கான அடையாளமே இல்லை; இரண்டாம், மூன்றாம் தாள்கள் அச்சிட்ட அன்று இருந்ததுபோல் மடிப்புக் குலையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தப் பருவம் முழுவதும் சங்கத்தார் மீனை அரை விலைக்கு விற்க வேண்டியிருந்தது. அதன்பின் நான் எந்தக் கடிதத்தையும் அந்தப் பென்சில் எழுத்தை நினைக்காமல் தொடங்கியதில்லை.

புதிய தாளின் தலையில் ஒரேயொரு வரி எழுதுங்கள்: இதை வாசித்து முடித்ததும் அந்த முகாமையாளர் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வரைவை மூன்று முறை வாசித்தேன். அதில் நான்கு வேறு கோரிக்கைகள் இருக்கின்றன. ஹோட்டல் உங்கள் பொருட்களை வாங்க வேண்டும். வரவேற்பறையில் ஒரு விற்பனை மேசை வைக்க இடம் தர வேண்டும். சாயம் காய்ச்சப் பெரிய பாத்திரங்கள் வாங்க உதவ வேண்டும். உப்புவெளியில் உள்ள மற்ற ஹோட்டல்களுக்கும் உங்களை அறிமுகப்படுத்த வேண்டும். இவற்றில் எதுவும் தவறான கோரிக்கை அல்ல. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் நான்கையும் ஒரே மூச்சில் வாசிக்கும்போது, எதற்கும் உடனே பதில் சொல்ல முடியாது என்று அந்த மின்னஞ்சலை ஒதுக்கி வைப்பார். ஒதுக்கி வைத்ததை மறுபடி திறக்கும் பழக்கம் மிகச் சிலருக்கே உண்டு. வரைவு நீளமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சொற்கள் அல்ல, கோரிக்கைகளே. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கென்று ஒரு பின்னணியையும் ஒரு விளக்கத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நான்கில் மூன்றைத் தள்ளி வைத்தால் உங்கள் வரைவில் பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிடும்.

எதை வைத்துக்கொள்வது? அவர் யாரையும் கேட்காமல், தன் மேசையில் இருந்தபடியே, அன்றே "சரி" என்று சொல்லக்கூடிய மிகச் சிறிய ஒன்றை. பொருளை வாங்குவது என்பதே முதற் கடிதத்துக்குப் பெரிய கோரிக்கைதான். அதற்கு அவர் கொள்வனவு உத்தியோகத்தரைக் கேட்க வேண்டும், கணக்குப் பிரிவைக் கேட்க வேண்டும். விற்பனை மேசைக்கோ உரிமையாளரின் அனுமதி வேண்டியிருக்கும். ஆனால் மூன்று மாதிரிகளைப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதற்கு எவரின் அனுமதியும் வேண்டாம். ஆகவே உங்கள் தாளின் தலைப்பில் வர வேண்டியது, "மாதிரி பார்க்க ஒரு நாள் குறித்துத் தர வேண்டும்" என்பதே. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தபின் மற்றவற்றைப் பேசலாம். ஓலையின் நேர்த்தியை எந்தச் சொல்லாலும் விளக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதை விளக்க நீங்கள் செலவிட்ட 110 சொற்களும் இதனால் தேவையற்றுப் போகின்றன.

இப்போது பழைய வரைவைக் கையில் எடுத்து, அந்த முகாமையாளரின் கதிரையில் இருந்து வாசியுங்கள். ஹோட்டலுக்குப் பொருள் வாங்கும் ஒருவர் முன்பின் அறியாதவர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளைத்தான்: நீங்கள் யார், ஏன் எனக்கு எழுதுகிறீர்கள், எதற்குப் பயன்படும் பொருள், ஒரே அளவில் எத்தனை தர முடியும், என்ன விலை, எப்போது கிடைக்கும், பழுதானால் என்ன செய்வீர்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் சொல்லும் வசனங்களின் கீழ் மட்டும் கோடிடுங்கள். நானும் கோடிட்டுப் பார்த்தேன். 700 சொற்களில் மூன்று வசனங்கள்தான் தேறின: 23 பெண்கள் இருக்கிறீர்கள் என்பது, மூடியுள்ள சிறு பெட்டிகள் செய்கிறீர்கள் என்பது, அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் பிரம்புக் கூடைகளைப் பார்த்தீர்கள் என்பது. மூன்றாவது வசனம் இரண்டாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் கிடந்தது. உங்கள் வரைவு முழுவதிலும் அவருக்கென்று எழுதப்பட்ட ஒரே வசனம் அதுதான். மற்றவை எந்த ஹோட்டலுக்கும், எந்த அலுவலகத்துக்கும் அப்படியே அனுப்பக்கூடியவை.

அதைவிட முக்கியமானது கோடு விழாத கேள்விகள். விலை எங்கேயும் இல்லை. மாதம் எத்தனை தர முடியும் என்பது இல்லை. "தேவைக்கேற்ப வழங்க முடியும்" என்று மட்டும் இருக்கிறது. எத்தனை நாளில் என்பதும் இல்லை. நீளமான வரைவு ஒன்று அனேகமாக இப்படித்தான் இருக்கும். அதில் எல்லாமே இருக்கிறது என்ற நிறைவு எழுதியவருக்கு ஏற்படுவதால், கேட்பவருக்கு வேண்டியது இல்லாமலிருப்பது கண்ணுக்குப் படுவதில்லை. சுருக்கத் தொடங்கிய பிறகுதான் ஓட்டை தெரியும். ஆகவே சுருக்கும்போது சில இடங்களில் புதிதாக எழுத வேண்டியும் வரும். அதற்கு அஞ்ச வேண்டாம்.

மாதம் எத்தனை என்ற கணக்கை நீங்கள்தான் சங்கத்தில் இருந்து போட வேண்டும். ஆனால் எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன். 23 அங்கத்தவர்களில் தொடர்ந்து பின்னுபவர்கள் 14 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். குருத்தோலையை வெட்டி, காயவைத்து, வார்ந்து, சாயம் ஏற்றி எடுத்தபின், வீட்டு வேலைகளுக்கிடையே ஒருவர் வாரத்துக்கு நான்கு சிறு பெட்டிகள் முடிப்பார் என்று வைத்தால், 14 பேருக்கு வாரம் 56, மாதத்துக்கு 220 அளவில் வரும். அளவு பிசகியவற்றையும் மூடி பொருந்தாதவற்றையும் கழித்து 200 என்று எழுதுவது நேர்மையான கணக்கு. ஐப்பசி தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் ஓலை காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். அந்த மாதங்களில் இந்த எண்ணிக்கை இறங்கும். நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் வரும் காலம் பெரும்பாலும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை என்பதால் இது உங்களுக்குப் பெரிய தடையாக இராது. "தேவைக்கேற்ப" என்ற சொல்லை வாசிக்கும் முகாமையாளர், இவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை என்று முடிவு செய்வார். "மாதம் 200" என்று வாசிப்பவர், தன் அறைகளின் எண்ணிக்கையால் அதை மனத்துக்குள்ளேயே வகுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

இவ்வளவையும் சேர்த்து நான் எழுதிப் பார்த்த கடிதம் கீழே இருக்கிறது. விலையும் நாட்களும் எடுத்துக்காட்டுக்கு நான் இட்டவை. உங்கள் சங்கத்தின் கணக்கை இட்டுக்கொள்ளுங்கள்.

"பொருள்: அறைகளுக்குப் பனையோலைப் பெட்டி – மாதிரி பார்க்க 10 நிமிடம்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஹோட்டல் அறைகளில் சவர்க்காரமும் சீப்பும் வைக்கப் பயன்படும், மூடியுள்ள பனையோலைப் பெட்டிகளின் மூன்று மாதிரிகளை நேரில் கொண்டுவந்து காட்ட, வரும் வாரத்தில் 10 நிமிடம் தர இயலுமா?

நாங்கள் மூதூர் கிழக்கில் பனையோலை பின்னும் 23 பெண்களின் சங்கம். உங்கள் வரவேற்பறையில் பிரம்புக் கூடைகள் வைத்திருப்பதைக் கண்டதால் உங்களுக்கு எழுதுகிறோம்.

ஒரே அளவில் மாதம் 200 பெட்டிகள் தர முடியும். ஒன்றின் விலை 450 ரூபா. நிலாவெளிக்குக் கொண்டுவந்து தரும் செலவும் இதில் அடங்கும். முதல் 50 பெட்டிகளை, கட்டளை கிடைத்து மூன்று வாரத்தில் தருவோம். பின்னல் விட்ட பெட்டியை மாற்றித் தருவோம்.

செவ்வாய் அல்லது வியாழன் காலை வசதியா? ஒரு நாளை மட்டும் பதிலாகக் குறிப்பிட்டால் போதும்.

நன்றியுடன்,
செயலாளர்"

இதன் கீழே உங்கள் பெயர், சங்கத்தின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவை வரும். முகவரியையும் கையொப்பத்தையும் விட்டால், உடற்பகுதி ஏறக்குறைய 80 சொற்கள். நிதானமாக வாசிப்பவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கோரிக்கையை முதல் வசனத்திலேயே வைத்திருப்பது உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். வந்தவுடனே கேட்பது மரியாதையில்லை, முதலில் நம்மைப் பற்றிச் சொல்லி, நலம் விசாரித்து, பிறகுதான் கேட்க வேண்டும் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். நேரில் போகும்போது அது சரி. திண்ணையில் இருந்து தேநீர் குடிக்கும் அந்த நேரத்தில், எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், எழுந்து போக மாட்டார். மின்னஞ்சலில் அப்படியில்லை. கைத்தொலைபேசியில் அவருக்கு முதலில் தெரிவது உங்கள் பெயர், பொருள் வரியின் முற்பகுதி, கடிதத்தின் முதல் சில சொற்கள் ஆகியவை மட்டுமே. உங்கள் பழைய வரைவில் பொருள் வரி "எமது சங்கத்தின் செயற்பாடுகள் தொடர்பாகத் தங்களுக்கு அறியத் தருதல்" என்று இருந்தது. சிறிய திரையில் "எமது சங்கத்தின் செயற்பாடுகள்" என்ற அளவோடு அது அறுந்துவிடும். அதைப் பார்ப்பவருக்கு இது தன்னைப் பற்றியதல்ல என்றுதான் தோன்றும். "அறைகளுக்குப் பனையோலைப் பெட்டி" என்பது அறுந்தாலும் பொருள் தருகிறது, அவருடைய அறைகளைப் பற்றியும் பேசுகிறது.

அடுத்து வசனங்களுக்குள் இருக்கும் நீளம். இது நம் அலுவலகத் தமிழுக்கே உரிய ஒரு நோய் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வரைவின் தொடக்கம் இது: "எமது சங்கமானது கடந்த 2017 ஆம் ஆண்டு, பல்வேறு இன்னல்களின் மத்தியில் மீள்குடியேறிய எமது கிராமத்துப் பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் உயரிய நோக்குடன் ஆரம்பிக்கப்பட்டு, இன்றுவரை பல சவால்களுக்கு முகங்கொடுத்து, 23 அங்கத்தவர்களைக் கொண்டு வெற்றிகரமாக இயங்கி வருகின்றது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதில் மட்டற்ற மகிழ்ச்சியடைகின்றோம்." இதில் அவருக்குத் தேவையான செய்தி 23 பெண்கள் இருக்கிறீர்கள் என்பது மட்டுமே. இந்த வசனத்தை வாலிலிருந்து தலைக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள். "கொண்டுவருவதில் மட்டற்ற மகிழ்ச்சியடைகின்றோம்" என்பது போனால் ஒன்றும் குறையவில்லை. "தங்களின் மேலான கவனத்திற்கு" போனாலும் குறையவில்லை. கடிதம் அனுப்பினாலே அது கவனத்துக்குத்தான். "இயங்கி வருகின்றது" என்பதும் வேண்டாம், இயங்காத சங்கம் கடிதம் எழுதாது. "உயரிய", "பல்வேறு", "வெற்றிகரமாக" ஆகியவை நாமே நமக்குச் சூட்டிக்கொள்ளும் மாலைகள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வசனம் நீள நீள வாசிப்பவர் முழுப் பாரத்தையும் தலையில் சுமந்துகொண்டே வினைமுற்றைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வாலைக் குறைத்தால் வினை அருகில் வந்துவிடும். "என்பதைத் தெரிவித்துக்கொள்கின்றோம்", "என்பது குறிப்பிடத்தக்கது", "என்பதையும் அறியத் தருகின்றோம்" என்று முடிபவை உங்கள் வரைவில் 11 இடங்களில் இருந்தன. அவற்றை மட்டும் நீக்கி, அதற்கு முன்னிருந்த வினையை முற்றாக்கினாலே இருபது சொற்களுக்கு மேல் குறைந்தது. கருத்தில் ஒன்றும் போகவில்லை.

இப்போது நீங்கள் வெட்டத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். வரைவின் முதல் பக்கத்தில் பெரும்பகுதி 2006 இல் ஊரை விட்டு வெளியேறியது, முகாம்களில் கழிந்த ஆண்டுகள், காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது வீடுகளும் மரங்களும் இருந்த நிலை ஆகியவற்றைச் சொல்கிறது. அதை வாசித்தபோது நான் சிறிது நேரம் மேலே வாசிக்காமல் இருந்தேன். அதை நீக்குங்கள் என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அது வரக்கூடாது என்பதே என் தீர்ப்பு. அது சிறிய செய்தி என்பதால் அல்ல, இந்தக் கடிதத்தைவிடப் பெரியது என்பதால். 450 ரூபா பெட்டி ஒன்றைப் பார்க்க வருமாறு கேட்கும் கடிதத்தின் முன்னுரையாக அந்த வரலாற்றை வைத்தால், வாசிப்பவர் உங்களைப் பொருள் தருபவர்களாகப் பாராமல் உதவி கேட்பவர்களாகப் பார்ப்பார். உதவி கேட்டு வருவோருக்குப் பெரும்பாலான ஹோட்டல்களில் வேறு ஒரு கோவை இருக்கும். அது ஆண்டுக்கு ஒருமுறை திறக்கப்படும். அதுமட்டுமன்றி, ஒருமுறை இரக்கத்தால் வாங்கியவர் இரண்டாம் முறை வாங்குவது அரிது. பெட்டி நன்றாக இருந்ததால் வாங்கியவர் மறுபடியும் வருவார். மாதிரி காட்டப் போகும் நாளில் அவரே "நீங்கள் எந்த ஊர், எப்போதிருந்து செய்கிறீர்கள்" என்று கேட்பார். அப்போது சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து, உங்கள் அளவில், அவர் கேட்டதற்குப் பதிலாக வரும்போதுதான் அந்தக் கதைக்கு உரிய இடம் கிடைக்கும்.

இந்தத் தீர்ப்பு பொருள் விற்கும் கடிதங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புலம்பெயர்ந்த நாட்டில் இருக்கும் ஊரவர் ஒருவருக்கு, சாயப் பாத்திரம் வாங்க நிதி கேட்டு எழுதுவதாக இருந்தால், ஊரின் கதையே அவர் உங்களுக்குக் காது கொடுக்கும் காரணமாக இருக்கும். அங்கே அதை முற்றாக நீக்குவது பிழை. அதில்கூட ஒரு பக்கம் எழுதாமல், ஒரு காட்சியை இரண்டு வசனத்தில் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் அத்தகைய கடிதங்களில் எனக்குள்ள பழக்கம் குறைவு. ஆகவே இதை உறுதியான விதியாகக் கொள்ள வேண்டாம்.

வெட்டும் சுகத்தில் அளவுக்கு மீறிப் போவதும் உண்டு. இளைஞர்கள் சிலர் எழுதிக் கொண்டுவரும் கடிதங்களில் வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை, "பனைப் பெட்டி உண்டு. விலை 450. வேண்டுமெனில் அழைக்கவும்" என்று தந்தி போல் இருக்கும். அது குறுகியதுதான், ஆனால் முன்பின் தெரியாதவரின் நம்பிக்கையைப் பெறாது. விளிப்பு, வணக்கம், நீங்கள் யார் என்ற ஒரு வரி, அவருக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்ற ஒரு வரி, நன்றி, உங்கள் பெயர் ஆகிய இவற்றை எந்த நிலையிலும் தொடாதீர்கள். எல்லாம் சேர்ந்தும் 25 சொற்களுக்கு மேல் போகாது. மரியாதை என்பது "தங்களின் மேலான" என்ற அடைமொழிகளில் இல்லை. அவருடைய வரவேற்பறையைக் கவனித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதிலும், அவர் நேரத்தைப் பத்து நிமிடம் என்று அளந்து கேட்பதிலும் இருக்கிறது.

நீளத்துக்குச் சரியான எண் ஒன்று உண்டா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். முதற் கடிதத்தை 80 முதல் 120 தமிழ்ச் சொற்களுக்குள் நிறுத்துவது என் வழக்கம். கைத்தொலைபேசியில் ஓரிரு முறை திரையைத் தள்ளினால் முடிந்துவிடும் அளவு அது. ஆங்கிலத்தில் எழுதுவதற்குச் சொல்லப்படும் சொற்கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. "கொண்டுவந்து தருவதற்கான" என்பது நமக்கு இரண்டு சொல், அங்கே நான்கைந்து சொல்லாகப் பிரியும். உங்கள் முகாமையாளர் தமிழ் வாசிக்காதவராக இருக்கவும் கூடும். நிலாவெளியில் அது புதுமையல்ல. அப்படியானால் முதலில் தமிழில் சுருக்கி முடித்துவிட்டு, அதன்பின் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாற்றக் கொடுங்கள். நீளமான வரைவை மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்தால், எது முக்கியம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டி வரும். அவருக்குப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். நீண்ட செய்தியை அது மடித்து, மேலும் வாசிக்க அழுத்துமாறு கேட்கும்; முன்பின் அறியாத இலக்கத்திலிருந்து வந்த செய்திக்கு அந்த அழுத்தலைத் தருபவர்கள் குறைவு.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சங்கத்தில் இல்லாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு அக்காவிடமோ கடை வைத்திருக்கும் தம்பியிடமோ, கைத்தொலைபேசியில் கடிதத்தைக் காட்டுங்கள். முப்பது எண்ணி முடித்ததும் தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இவர்கள் என்ன கேட்கிறார்கள்? நீ அந்த முகாமையாளராக இருந்தால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். கடிதம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். "மாதிரி பார்க்க நாள் கேட்கிறார்கள், நான் செவ்வாய் என்று சொல்வேன்" என்ற பதில் வந்தால் அனுப்பலாம். "உங்கள் சங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்" என்ற பதில் வந்தால் கோரிக்கை இன்னும் மேலே வரவில்லை. "அழகாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா" என்று மட்டும் வந்தால், கவனம் பெட்டியை விட்டு வசனங்களில் போயிருக்கிறது. எந்த வசனம் என்று கேட்டு, அதை எடுத்துவிடுங்கள்.

பழைய வரைவை அழிக்க வேண்டாம். விற்பனை மேசை பற்றிய பகுதி, மாதிரியைப் பார்த்து அவர் விரும்பினால் எழுத வேண்டிய இரண்டாம் கடிதம். சங்கத்தின் வரலாறு, பெட்டியோடு கொடுக்கக்கூடிய சிறு அட்டை ஒன்றுக்கு உதவும். அனுப்பி ஏழு நாட்களில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே மூன்று வரி எழுதுங்கள்: மாதிரிகள் ஆயத்தமாக இருக்கின்றன, அடுத்த வாரம் எந்த நாள் வசதி, இல்லையென்றால் வரவேற்பறையில் அவர் பெயரில் ஒப்படைத்துவிட்டுப் போகலாமா. அதற்கும் பதில் இல்லையென்றால் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போவதுதான் வழி. மாசி பிறப்பதற்குள் முதல் கடிதம் போய்விடுவது நல்லது. சித்திரையில் அறைகள் நிறையத் தொடங்கினால், பங்குனியிலேயே அவர்கள் வேண்டியதை வாங்கி முடித்துவிடுவார்கள்.